ஷை, ஷெயார், ஷேர்: பத்திரச் சொற்களைச் சீராக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பதிவுத்துறையில் மாதிரி ஆவணங்களை வகுக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். பிறர் வாங்கப்போகும் நிலத்தின் பழைய பத்திரங்களைப் படித்துக் கருத்துரை எழுதிக் கொடுப்பது என் தொழில். முப்பது ஆண்டு வில்லங்கம் பார்த்தால் போதும் என்று வங்கிகள் சொன்னாலும், தாய்ப்பத்திரத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட எனக்கு மனம் வராது. அப்படிப் பின்னோக்கிப் போகும்போது நிலத்தின் கதையோடு சொற்களின் கதையும் கண்ணில் படும். வடமொழியிலிருந்து வந்த கிரயமும் சுவாதீனமும், பாரசீகத்தின் வழியாக வந்த தபசிலும் பசலியும், ஒவ்வொரு பத்திரத்திலும் ஒவ்வோர் உருவத்தில் இருக்கும். இவற்றை ஒரே எழுத்தில் எழுத வேண்டும் என்று சொல்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் எங்கே சீராக்குவது, எங்கே கை வைக்காமல் விடுவது என்பதில்தான் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி வீட்டுக் கடனுக்காக வங்கி ஒன்றில் பத்திரங்களைக் கொடுத்தார். அவருடைய தந்தை 2009இல் வாங்கிய மனை. கிரயப் பத்திரத்தில் சொத்து விவரத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: “ஷேர் பாத்தியத்தில் உள்ளது பூராவும்.” வங்கிக்காரர்கள் கேட்டார்கள்: “விற்றவருக்கு இதில் ஒரு ஷேர்தான் இருந்திருக்கிறது. மற்றப் பங்காளிகளின் கையெழுத்து எங்கே?” கேள்வியில் தவறில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு பங்காளியே கிடையாது.

முந்தைய பத்திரத்தை எடுத்தேன். 1983இல் தட்டச்சு செய்தது. அதே வரி அதில் “ஷெயார் பாத்தியத்தில் உள்ளது பூராவும்” என்று இருந்தது. அதற்கும் முந்தையது 1957ஆம் ஆண்டின் கையெழுத்துப் பத்திரம். அசல் கரையான் அரித்துப்போயிருந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தின் 1ஆம் புத்தகத்திலிருந்து சான்றிட்ட நகல் வாங்கினோம். நகல் எழுதிய அந்தப் பெயர் தெரியாத எழுத்தர் இருந்ததை இருந்தபடியே எடுத்து எழுதியிருந்தார்: “௸யார் பாத்தியத்தில் உள்ளது பூராவும்.”

விஷயம் அவ்வளவுதான். ௸ என்றால் மேற்படி. ௸யார் என்றால் மேற்படியார், அதாவது மேலே பெயர் சொல்லப்பட்ட விற்பவர். 1983இல் தட்டச்சு செய்தவர் அந்தக் குறியை ‘ஷெ’ என்று படித்தார். அப்போது பலரும் அப்படித்தான் படித்தார்கள், பொருள் தெரிந்தே படித்தார்கள். 2009இல் கணினியில் அடித்தவருக்குப் பொருள் தெரியவில்லை. ‘ஷெயார்’ என்பதைத் தவறாக அடித்த ‘ஷேர்’ என்று எண்ணித் திருத்திவிட்டார். அவர் செய்ததும் ஒருவகையில் சீராக்கம்தான்! பிழைத்திருத்தல் ஆவணம் எழுத வேண்டியதாயிற்று. விற்றவர் காலமாகியிருந்தார், அவருடைய மூன்று பிள்ளைகளும் கையெழுத்திட வேண்டும், ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். கடன் கைக்கு வர ஏழு மாதம் ஆயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது, ௸ கிரந்த எழுத்தே அல்ல. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵ என்று கணக்கர்கள் எழுதிய தமிழ்ச் சுருக்கக் குறிகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. உருவம் ‘ஷ’ போலத் தோன்றுவதால் ஷை, ஷெ, ஷ என்றெல்லாம் படிக்கப்பட்டு, படித்தபடியே எழுத்தாகவும் ஆகிவிட்டது. ‘கிரந்த எழுத்துகளை நீக்குக’ என்று ஒரு கட்டளை போட்டு, ஷ வரும் இடமெல்லாம் ச போடச் சொன்னால், “ஷை சொத்து” என்பது “சை சொத்து” ஆகும். நிலம் வாங்குகிறவர் முகம் சுளிக்க நேரிடும். புதிய மாதிரிகளில் ‘மேற்படி’ என்று முழுமையாக எழுதினால் போதும். மூன்று எழுத்து மிச்சப்படுத்த வேண்டிய காலம் போய்விட்டது. பழைய நகல்களில் ௸ இருந்தால் ௸ என்றே அடிக்கட்டும். ஒருங்குறியில் அதற்கு 0BF8 என்ற இடம் இருக்கிறது.

இனி, எழுத்து வேறுபாடு. ஒரே பத்திரத்தின் தலைப்பில் ‘கிரைய பத்திரம்’, உள்ளே ‘கிரயத்தொகை’, முதுகில் ‘கிறயம்’ என்று பார்த்திருக்கிறேன். மூலச் சொல் வடமொழியின் ‘க்ரய’. தொடக்கத்து மெய்யைத் தமிழ் ஏற்காது என்பதால் இகரம் சேர்ந்து கிரயம் ஆயிற்று. பேச்சில் ‘அய’ ஐகாரமாக ஒலிப்பதால் கிரையமும் வந்தது. எழுத்துப் பிழையால் ஒரு கிரயம் செல்லாமல் போய்விடாது. பத்திரத்தை முழுவதும் படித்து நோக்கத்தைத்தான் நீதிமன்றம் பார்க்கும். மனிதர் படிக்கும்வரை இதெல்லாம் வெறும் அழகுக் குறைவுதான். கணினி படிக்கத் தொடங்கியபோதுதான் இது தொல்லையாயிற்று. ‘கிரயம்’ என்று தேடுகிறவருக்கு ‘கிரையம்’ கிடைக்காது.

கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டைக்கூடச் சமாளித்துவிடலாம். தெரியாத வேறுபாடுதான் ஆளைக் கொல்கிறது. ‘ஸ்ரீ’யை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ வைத்தும் அடிக்கலாம், 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶ வைத்தும் அடிக்கலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். “புத்திர பௌத்திர பாரம்பரியமாய்” என்று எழுதும்போது, ஔகாரக் குறியைப் போடாமல் ஒற்றைக் கொம்பும் ளகரமும் சேர்த்து அடிப்பவர்கள் ஏராளம். அதுவும் பார்வைக்கு அப்படியே இருக்கும்.

```
ஸ்ரீ   0BB8 0BCD 0BB0 0BC0
ஶ்ரீ   0BB6 0BCD 0BB0 0BC0
பௌ   0BAA 0BCC
பெள   0BAA 0BC6 0BB3
```

கணினிக்கு இவை நான்கும் நான்கு வேறு சொற்கள். ஸ்ரீநிவாசன் என்ற பெயரை ஒரு வகையில் பதிந்துவிட்டு இன்னொரு வகையில் தேடினால் “பதிவு ஏதுமில்லை” என்றுதான் வரும். ‘இல்லை’ என்ற பதிலை நம்பி முன்பணம் கொடுப்பவர் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆகவே, எழுதியது எழுதியபடியே காட்டப்படட்டும். அதன் பின்னால், கண்ணுக்குத் தெரியாத தேடுசொல் ஒன்று தனியாக இருக்கட்டும். அந்தத் தேடுசொல்லில் இரண்டு ஸ்ரீயும் ஒன்று, கிரயமும் கிரையமும் கிறயமும் ஒன்று, பசலியும் பஸலியும் பஸ்லியும் ஒன்று. சீராக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய இடம் அது ஒன்றுதான். ஆட்களின் பெயர்களில் மட்டும் இதையும் தேடலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ராஜேஸ்வரி அம்மாளை யாரும் இராசேசுவரி ஆக்க வேண்டாம். அடையாள அட்டையோடு பெயர் பொருந்தவில்லை என்று அவரைத்தான் அலைய விடுவார்கள்.

புதிய மாதிரிகளில் எந்த எழுத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி மிஞ்சுகிறது. கிரந்த எழுத்தை வைப்பதா நீக்குவதா என்று இதைப் பெரும்போராக ஆக்கிவிடுகிறார்கள். என் மேசைக்கு வரும் பத்திரங்கள் அவ்வளவு கொள்கைப் பிடிப்போடு எழுதப்பட்டவை அல்ல. ‘பாஷாணம்’ என்ற சொல்லைப் பாருங்கள். நன்னூல் வழி போனால் இடையில் வரும் ஷ, ட ஆகும்: பாடாணம். செய்தித்தாள் வழி போனால் பாசாணம். பழக்கத்தின் வழி பாஷாணம். மூன்றையும் கண்டிருக்கிறேன். எப்படி எழுதினாலும், படிக்கிறவர் எலிக்கு வைக்கும் விஷத்தைத்தான் நினைப்பார். பத்திரத்தில் அதற்குக் கல் என்று பொருள். ‘நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம்’ என்ற எட்டும் அஷ்டபோகம். கண்டெடுத்த செல்வம், புதைத்து வைத்த செல்வம், நீர், கல், குறையாத வருவாய், இனி வரப்போவது, விளைந்துவிட்டது, விளையக்கூடியது என்று ஏறக்குறைய விரிக்கலாம். விஜயநகரச் செப்பேடுகளிலிருந்து இறங்கி வந்த வரி இது. மூன்று சென்ட் மனையை விற்கிறவரும் இதை எழுதித் தருகிறார்.

என் யோசனை எளியது. தமிழில் ஊறி, கிரந்தம் இல்லாமலே நிலைத்துவிட்டவற்றை அப்படியே வையுங்கள்: கிரயம், சுவாதீனம், வாரிசு, அசல், ரத்து, பசலி. ‘ஸ்வாதீனம்’ என்றோ ‘ஃபஸ்லி’ என்றோ மூலத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. கிரந்தத்தோடு மட்டுமே வாயில் வருபவற்றை அப்படியே விடுங்கள்: ஜப்தி, ஹிபா. ஒரு கூட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போய்க்கொண்டிருக்கும் சொற்களும் உண்டு. ஷரத்து இன்று பெரும்பாலும் சரத்து ஆகிவிட்டது. அதைப் பழக்கத்தின் போக்கில் விடலாம். ஜமாபந்திக்கு வருவாய்த் தீர்வாயம், தாசில்தாருக்கு வட்டாட்சியர் என்று அரசே தமிழ்ச் சொல் தந்துவிட்ட இடங்களில் எழுத்துச் சண்டைக்கே இடமில்லை.

பாரசீக வழிச் சொற்களில் ஒரு தனித் தொல்லை இருக்கிறது. வடமொழிச் சொல்லின் பொருளை ஊகிக்கவாவது சிலர் இருக்கிறார்கள். ‘தபசில்’ என்றால் விவரம் என்று இளைய எழுத்தர் எத்தனை பேருக்குத் தெரியும்? ‘தஃப்ஸீல்’ என்னும் அரபுச் சொல் பாரசீகத்தின் வழியாக வந்து, ஃப பகரமாகி, நடுவே ஓர் அகரம் நுழைந்து தபசில் ஆனது. தபசீல், தப்சில் என்றும் எழுதுகிறார்கள். ‘செக்குபந்தி’ இன்னும் வேடிக்கை. நான்கெல்லை என்பதுதான் பொருள். ஜமாபந்தியில் வரும் அதே ‘பந்தி’தான் இதிலும் ஈறு. சொல் புரியாதவர்கள் எண்ணெய்ச் செக்கையும் சாப்பாட்டுப் பந்தியையும் நினைத்துக்கொண்டு, இடையே ஒற்று மிகுத்து ‘செக்குப்பந்தி’ ஆக்கிவிட்டார்கள். சந்தி இலக்கணம் தெரிந்தவர் செய்த பிழை! இவை இரண்டுக்கும் ‘சொத்து விவரம்’, ‘நான்கெல்லை’ என்று ஏற்கெனவே வழங்கும் சொற்களே போதும். எவருக்கும் நட்டமில்லை.

நட்டம் வரும் இடங்கள் வேறு. தமிழாக்கம் என்ற பெயரில் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பட்டியல் போட்டு மாற்றும்போது என்ன ஆகிறது என்பதை மூன்று சொற்களில் காட்டுகிறேன்.

முதலாவது பாத்தியம். கட்டுப்பட்டது என்ற பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்தது. தமிழில் அது இரு பக்கமும் கட்டும் கயிறாகிவிட்டது. ‘சொத்துக்குப் பாத்தியப்பட்டவர்’ என்றால் உரிமையுள்ளவர். ‘கடனுக்குப் பாத்தியப்பட்டவர்’ என்றால் கட்ட வேண்டியவர். பட்டியலில் ‘பாத்தியம் - உரிமை’ என்று போட்டு மாற்றிய ஒரு படிவத்தில் “மேற்படி கடனுக்கு எங்கள் வாரிசுகளும் உரிமையுடையவர்கள்” என்று வந்தது. கடன் வாங்கியவரின் மகன் அதைப் படித்துவிட்டு, “அப்படியானால் எனக்கும் பணம் வருமா?” என்று கேட்டார். சிரிக்கலாம், ஆனால் வழக்கு என்று வந்தால் அந்த வரியை வைத்து எதிர்த்தரப்பு ஒரு மணி நேரம் வாதாடும். இந்தச் சொல்லை மாற்றுவதானால் ஒவ்வொரு இடத்திலும் படித்துப் பார்த்து, உரிமை என்றோ பொறுப்பு என்றோ எழுத வேண்டும்.

இரண்டாவது ஸ்தாவரம். அசையாதது. தொடக்கத்து ஸ் விடுபட்டால் தாவரம், ஜங்கமம் தமிழ்ப்பட்டால் சங்கமம். பழைய நூல் வழக்குக்கு இது ஒத்ததுதான். ‘தாவர சங்கமம்’ என்று முன்னோர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இன்று “தாவர சங்கமச் சொத்துகள்” என்று எழுதினால் தோட்டமும் ஆற்றுக் கூடலும்தான் மனத்தில் வரும். எழுத்து மரபு சரியாக இருந்தும் பொருள் கைவிட்டுப் போய்விட்டது. ‘அசையும், அசையாச் சொத்துகள்’ என்பதே நல்லது.

மூன்றாவது ஹிபா. இஸ்லாமியர் செய்யும் கொடை. கிரந்தத்தை விலக்கி ‘இபா’ என்றால் யாருக்கும் புரியாது. தமிழாக்கி ‘தானம்’ என்றால் எல்லாருக்கும் தவறாகப் புரியும். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882இன் 123ஆம் பிரிவு, அசையாச் சொத்தைத் தானம் தரப் பதிவு செய்த ஆவணம் வேண்டும் என்கிறது. 129ஆம் பிரிவு, முகமதியச் சட்டத்தின் கொடை விதிகளை அந்த அத்தியாயம் தொடாது என்று விலக்கு அளிக்கிறது. ஆக, ஹிபா என்ற சொல் எந்தச் சட்டத்தின் கீழ் அந்தக் கொடை நிற்கிறது என்பதன் அடையாளம். ஓர் எழுத்தைக் காப்பாற்ற அல்ல, அந்த அடையாளத்தைக் காப்பாற்றத்தான் அங்கே ஹ வேண்டும்.

கிரந்தம் இருந்தால் மூலம் தப்பிவிடும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எந்தக் கிரயப் பத்திரத்திலும் கடைசிப் பகுதியில் ஒரு வரி வரும்: “தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்.” இன்று அது பெரும்பாலும் “தானாதி வினியோக விற்கிரையங்களுக்கு” என்று இருக்கிறது. வினிமயம் என்றால் பரிவர்த்தனை, ஒரு சொத்துக்கு மறு சொத்து. அந்தச் சொல் மறந்துபோனதும், காதுக்குப் பழகிய வினியோகம் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. விக்கிரயம் விற்பனை. அதில் தமிழின் ‘வில்’ இருக்கிறது என்று எண்ணி விற்கிரையம் ஆக்கினார்கள்.

‘தானாதி’யில் இருப்பதுதான் நுட்பம். தானம் முதலிய என்று எல்லாரும் படிக்கிறோம். அப்படியானால் அடமானம் எங்கே? விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், கொடுக்கலாம், அடகு மட்டும் வைக்கக் கூடாதா? வடமொழியில் ‘முதலிய’ என்பதற்கும் ‘அடகு’ என்பதற்கும் உள்ள சொற்களில் நடு எழுத்து வேறு. அடகுக்கு உரியது மூச்சு சேர்ந்த தகரம். தமிழில் இரண்டும் ‘ஆதி’தான். விஜயநகரச் செப்பேடுகளில் தானம், ஆதமனம், விக்கிரயம் என்று அடகு தனிச் சொல்லாகவே வருகிறது. ஆகவே இந்த வரியிலும் தானம், அடகு, பரிவர்த்தனை, விற்பனை என்று நான்கும் வரிசையாகச் சொல்லப்பட்டவை என்பது என் கருத்து. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ எல்லாவற்றையும் வைத்துக்கொண்டாலும் இந்த ஆதியையும் அந்த ஆதியையும் பிரித்துக் காட்டத் தமிழ் எழுத்தில் வழியில்லை. பொருள் தெரிந்த ஓர் ஆள்தான் வேண்டும்.

இந்த வரி சிதைந்ததால் யாருடைய உரிமையும் போகவில்லை. அதே 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, வேறு எண்ணம் தெரிவிக்கப்படாதவரை, விற்பவருக்கு உள்ள உரிமை முழுவதும் வாங்குபவருக்குப் போய்விடும். அந்த வரி இல்லாவிட்டாலும் கிரயம் கிரயம்தான். ஆகவே புதிய மாதிரியில் “விற்கவும், தானம் தரவும், அடமானம் வைக்கவும், பரிவர்த்தனை செய்யவும்” என்று எழுதுங்கள், அல்லது வரியையே விட்டுவிடுங்கள். ‘வினியோக விற்கிரையம்’ என்ற சிதைவை மட்டும் ஒரே சீரான எழுத்தில் அச்சடித்து மாநிலம் முழுவதும் அனுப்பாதீர்கள்.

ஆனால் ‘மாமூல் வழிநடை பாத்தியம்’ அப்படிப்பட்ட அலங்காரம் அல்ல. அதை விட்டுவிடக் கூடாது. மாமூல் என்ற அரபுச் சொல் தெருவில் லஞ்சத்தின் பெயராகிவிட்டதால், அதைப் பத்திரத்தில் எழுதக் கூசுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுதாமல் விட்டால், பக்கத்து நிலத்தின் வரப்பு வழியாகப் பரம்பரையாக நடந்து வந்த வழி பத்திரத்தில் தடயம் இல்லாமல் போகும். “நெடுநாள் வழக்கப்படி உள்ள நடைபாதை உரிமை” என்று விரித்து, எந்தப் பக்கம், எத்தனை அடி அகலம் என்றும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். முந்தைய பத்திரத்தில் ‘மாமூல் வழி’ என்று கண்டிருப்பதை அடைப்புக்குறிக்குள் அப்படியே தரச் சொல்லுங்கள். அப்போதுதான் என்னைப் போல் பின்னோக்கிப் படிக்கிறவருக்கு இரண்டும் ஒரே வழிதான் என்று தெரியும்.

முந்தைய பத்திரத்தின் சொல்லை எடுத்துக்காட்டும் எந்த இடத்திலும் இதையே செய்யலாம். பழைய சொல் அதன் பழைய எழுத்திலேயே, மேற்கோள் குறிக்குள். புதிய சொல் வெளியே. 2009இல் அந்தத் தட்டச்சாளர் “‘ஷெயார்’ (மேற்படியார்)” என்று ஒருமுறை எழுதியிருந்தால் அந்தப் பெண்மணிக்கு ஏழு மாதம் மிச்சமாகியிருக்கும். மாதிரிகளின் பின்னிணைப்பாக இப்படி ஒரு சொல்லடைவு வந்தால், அதற்காக நான் இதுவரை குறித்து வைத்திருக்கும் நோட்டை நேரில் கொண்டுவந்து தருகிறேன். ‘ஷ’ வரிசைக்கு மட்டும் நான்கு பக்கம் இருக்கிறது.

இப்படிக்கு,
மூலப்பத்திரம் படித்துப் பிழைக்கும் ஒரு வழக்கறிஞர்